மூலைவிட்டம் இரண்டும் சமம், ஆனாலும் கதவு அடியில் ஒட்டவில்லை: கல்சுவரில் ஆப்பு வைத்து நிறுத்திய நிலை

ஹட்டிவீடு (ஞாயிறு மாலை)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், என் மாமனார் காலத்துக் கல்வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். பின்வாசல் நிலையின் அடிக்கால்கள் இற்றுப்போனதால், சுவரை இடிக்காமல் பழைய நிலையை மட்டும் பெயர்த்துவிட்டுப் புது வேங்கை நிலை ஒன்றை அதே இடத்தில் நிறுத்தச் சொன்னோம். சுவர் ஒன்றரை அடி கனம், மண்சாந்தில் கட்டிய கல், மேலே பின்னாளில் பூசிய சிமெண்ட் பூச்சு. நிலையின் கட்டை நாலுக்கு இரண்டரை அங்குலம், உயரம் ஏழடி.

தச்சர் நிலையை ஆப்பு வைத்து நிறுத்தி, கீல் பக்கத்து மூன்று கிளாம்புகளுக்கும் சுவரில் குழி பறித்துக் கான்கிரீட் போட்டுவிட்டார். மழையில் கொத்தனார் வராததால் பூட்டுப் பக்கத்துக் கால் இன்னும் ஆப்பிலும் இரண்டு திருகாணியிலும்தான் நிற்கிறது. பார்ப்பதற்காகக் கதவை மாட்டினோம். மூடும்போது பூட்டுப் பக்கத்தில் கதவின் மேல்முனை நிலையின் காடியில் முட்டி நிற்கிறது. அடிமுனையோ காடியை விட்டு இரண்டரை நூல், அதாவது ஏறக்குறைய 8 மி.மீ., விலகி நிற்கிறது. அத்துடன், பாதி திறந்து விட்டால் கதவு மெதுவாகத் தானே வந்து மூடிக்கொள்கிறது. கதவு அறைக்குள் திறப்பது.

தச்சர் என் எதிரிலேயே இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவில் அளந்தார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. மூலைக்கு மூலை இரண்டு கயிறு கட்டியும் பார்த்தார். நடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆகவே நிலை சரி, பனியில் கதவுதான் வளைந்துவிட்டது, மேலே காடியைச் சற்று இழைத்துவிட்டால் உட்கார்ந்துவிடும் என்கிறார். சனிக்கிழமை கொத்தனார் வந்து இடைவெளியை அடைத்துவிடுவார். அதற்கு முன்னால் நான் எதையாவது சரிபார்க்க வேண்டுமா?

---

சமன்மட்டம் (ஞாயிறு இரவு)

அக்கா, நான் ஊட்டியில் கட்டுமான மேற்பார்வை செய்கிறேன். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் நான்கு மூலையும் செங்கோணம்தான்; அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கயிறும் தொட்டிருக்கிறது என்றால் நிலையில் குறை சொல்ல வழியில்லை. இந்த ஈரத்தில் கதவு முறுக்கிக்கொள்வது எங்கள் பணியிடங்களில் அடிக்கடி நடப்பது. உங்கள் தச்சர் சொல்வதுபோல் மேலே காடியை இழைத்துக்கொள்ளுங்கள்.

---

குன்னூர் தச்சன் (திங்கள் காலை)

அம்மா, தயவுசெய்து உளியையோ இழைப்புளியையோ இப்போது எடுக்க விடாதீர்கள். மேலே காடியை 8 மி.மீ. இழைத்தால் கதவு உட்காரும் என்பது உண்மை. ஆனால் வளைந்தது கதவா நிலையா என்று தெரியாமல் இழைத்துவிட்டு, நாளைக்கு நிலைதான் என்று தெரிந்தால் அந்த மரத்தை ஒட்டவைக்க முடியாது. பூட்டுப் பக்கத்துக் காலை இன்னும் அடைக்காமல் வைத்திருப்பது உங்களுடைய நல்ல நேரம்.

தம்பி சமன்மட்டம் சொல்வதில் பாதி சரி. மூலைவிட்டம் சமமாக இருந்தால் நிலை சதுரமாக இருக்கிறது, அவ்வளவுதான். நிலை தூக்கில் இருக்கிறதா என்று அது சொல்லாது. இரண்டு கால்களும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்றும் சொல்லாது. ஒரு கால் மேலே அறைப் பக்கமாகவும் மற்றொரு கால் மேலே வெளிப் பக்கமாகவும் சாய்ந்திருந்தால் நிலை முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்போதும் நாடா அதே அளவைத்தான் காட்டும். கதவு மேலே முட்டி அடியில் விலகுவது இந்த முறுக்கில்தான் பெரும்பாலும் வரும்.

மூன்று சோதனைகள் செய்து எழுதுங்கள்.

முதலில் கதவு. அதைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தி, மேல்முனையில் ஒரு நேரான ரீப்பரும் அடிமுனையில் ஒரு நேரான ரீப்பரும் குறுக்காகப் பிடித்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரீப்பரின் விளிம்பை மற்றதன் விளிம்போடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் கதவில் முறுக்கு இல்லை.

இரண்டாவது தூக்கு. ஒவ்வொரு காலையும் இரண்டு முகத்தில் பார்க்க வேண்டும்: வாசலின் அகலத்தை நோக்கிய முகம் ஒன்று, அறையை நோக்கிய முகம் ஒன்று. முதல் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள், இரண்டாவது முகத்தைத்தான் விட்டுவிடுவார்கள். ஒரு சாண் ரசமட்டத்தை வைத்துப் பார்க்காதீர்கள், தூக்குக்குண்டு போடுங்கள். குண்டோடு வரும் கட்டையைக் காலின் மேல்முனையில் ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டின் விளிம்பு மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பின்வாசலில் காற்று அடிக்கும். குண்டு ஆடிக்கொண்டே இருந்தால், நூலைச் சற்று நீளமாக விட்டு, குண்டு ஒரு வாளித் தண்ணீரில் முங்கும்படி செய்து, மேலும் கீழும் மரத்துக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் அடங்கிவிடும்.

மூன்றாவது கயிறு. இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். உங்கள் தச்சர் கட்டியபோது எந்தக் கயிறு மேலே இருந்தது, எந்தக் கயிறு அடியில் இருந்தது? அதை அப்படியே மாற்றிக் கட்டிப் பார்த்தாரா?

---

வில்பட்டி (திங்கள் மதியம்)

என்னுடைய கேள்வியும் இதே போன்றது என்பதால் இங்கேயே எழுதுகிறேன். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாலோ பிளாக் சுவர். நிலைகளை முதலிலேயே நிறுத்தி, இரண்டு பக்கமும் சாரக்கம்பு முட்டுக் கொடுத்து, அதை ஒட்டியே சுவரை எழுப்பிவிட்டார்கள். கட்டும்போது முட்டு ஒன்று நழுவிவிட்டது. அக்காவும் நிலையைச் சுற்றிக் கல்லை மறுபடி கட்டிவிட்டால் ஆப்பே தேவைப்படாது அல்லவா? என் அனுபவத்தில் ஆப்பு என்பது தற்காலிகமான வேலைதான்.

---

குன்னூர் தச்சன் (திங்கள் மதியம்)

ஐயா, உங்களுடையது வேறு வகை. நீங்கள் நிலைக்குச் சுவர் கட்டுகிறீர்கள். அவர்களோ ஏற்கெனவே நிற்கும் சுவருக்குள் நிலையை நிறுத்துகிறார்கள். ஒன்றரை அடிக் கல்சுவரை மேல்பாரம் இருக்கும்போது நிலையைச் சுற்றிப் பிரித்துக் கட்டச் சொல்வது ஆபத்து. ஆனால் முட்டு நழுவியது என்கிறீர்களே, உங்கள் நிலைக்கும் அந்தக் கயிற்றைக் கட்டிப் பாருங்கள்.

---

ஹட்டிவீடு (செவ்வாய் இரவு)

ஐயா, நீங்கள் சொன்னபடியே என் மகனும் நானும் இன்று மாலை முழுக்கப் பார்த்தோம். பள்ளிக்கூடத்து அளவுகோலைத்தான் பயன்படுத்தினோம், ஆகவே அரை மி.மீ. முன்பின் இருக்கலாம்.

கதவு: ரீப்பர் இரண்டும் ஒரே கோடாகவே தெரிகின்றன. கதவில் முறுக்கு இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

தூக்கு: அகலத்தை நோக்கிய முகத்தில் இரண்டு காலும் சரியாகவே இருக்கின்றன. அறையை நோக்கிய முகத்தில், கீல் பக்கத்துக் காலின் மேல்முனை வெளிப்புறமாக 3 மி.மீ. சாய்ந்திருக்கிறது. பூட்டுப் பக்கத்துக் காலின் மேல்முனை அறைப் பக்கமாக 5 மி.மீ. சாய்ந்திருக்கிறது. வாளித் தண்ணீர் இல்லாவிட்டால் இதை அளந்தே இருக்க மாட்டோம். மூடுபனியோடு காற்றும் இருந்தது.

கயிறு: நான்கு மூலையிலும் அறைப் பக்க முகத்தில் சிறு ஆணி அடித்துக் கட்டினோம். கீல் பக்கம் மேலிருந்து பூட்டுப் பக்கம் அடிக்குப் போகும் கயிறு அறைப் பக்கமாக வரும்படி கட்டினால் இரண்டும் தொடுகின்றன. தச்சர் கட்டியது இப்படித்தான் என்று மகன் சொல்கிறான். அதையே மாற்றி, அந்தக் கயிறு அடியில் போகும்படி கட்டினோம். நடுவில் 4 மி.மீ. இடைவெளி தெரிகிறது! ஒரே நிலை, அதே ஆணிகள், ஆனால் ஒரு முறை தொடுகிறது, மறுமுறை தொடவில்லை. இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

---

குன்னூர் தச்சன் (புதன் காலை)

அம்மா, இதைவிடத் தெளிவாக யாரும் அளந்து தர முடியாது. உங்கள் மகனுக்கு என் வாழ்த்து.

கயிறு ஏன் அப்படிக் காட்டுகிறது என்றால், கீல் பக்கத்து அடியிலிருந்து பூட்டுப் பக்கத்து உச்சிக்குப் போகும் கயிறு, நடுவில் மற்றதைவிட 4 மி.மீ. அறைப் பக்கமாக நிற்க வேண்டிய கயிறு. அதை அறைப் பக்கம் விட்டுக் கட்டினால் அந்த 4 மி.மீ. வெறும் இடைவெளியாகக் கண்ணுக்குத் தெரியும். அதை மற்றக் கயிற்றுக்கு அடியில் சொருகிக் கட்டினால், இரண்டு கயிறும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு சற்று வளைந்து நிற்கும். பார்ப்பவருக்குத் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஆகவே ஒரு முறை மட்டும் கட்டிப் பார்த்த கயிறு பாதிச் சாட்சிதான். மாற்றிக் கட்டியும், இரண்டு முறையும் வளையாமல் உரசினால்தான் நிலை ஒரே தளத்தில் நிற்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நடுவில் தெரிவது முறுக்கின் பாதிதான். கயிற்றில் 4 மி.மீ. என்றால் மூலையில் 8 மி.மீ. உங்கள் தூக்கும் அதையே சொல்கிறது: வெளிப்புறம் 3, அறைப்புறம் 5, சேர்த்தால் 8. கதவின் அடியில் நீங்கள் கண்டதும் 8. மூன்று வழியில் அளந்தும் ஒரே எண் வந்தால் நான் அதற்குமேல் சந்தேகப்படுவதில்லை. கதவு தானே மூடிக்கொள்வதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. கதவு எப்போதும் கீல் வரிசையின் உச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போய் நிற்கப் பார்க்கும். உங்களுடையது வெளிப்புறம் சாய்ந்திருப்பதால் அறைக்குள் திறந்த கதவு வாசலை நோக்கி வருகிறது.

இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பழைய கல்சுவரின் பூச்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்காது. காலின் முகத்தைப் பூச்சு முகத்தோடு தடவிப் பார்த்துச் சமமாக நிறுத்தியிருப்பார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் சுவர் சாய்ந்த பக்கமெல்லாம் காலும் சாயும். நிலை தூக்குக்குக் கட்டுப்பட வேண்டும், பூச்சுக்கு அல்ல. வித்தியாசத்தைப் பிறகு பூச்சிலோ பட்டைச் சட்டத்திலோ சரிசெய்துகொள்ளலாம்.

இனிச் செய்ய வேண்டியது. கீல் பக்கம் கான்கிரீட்டில் இறுகிவிட்டது. அந்தக் கால் ஏழடியில் 3 மி.மீ. சாய்ந்திருப்பதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. இரண்டு காலும் தமக்குள் ஒத்துப்போவதுதான் கதவுக்கு முக்கியம். ஆகவே பூட்டுப் பக்கத்துக் காலை மட்டும் அசைத்து, அதுவும் கீல் பக்கத்துக் காலைப் போலவே வெளிப்புறம் 3 மி.மீ. சாய்ந்து நிற்கும்படி செய்யுங்கள். முழு 8 மி.மீ.யையும் உச்சியில் மட்டும் தள்ளினால் மேலே பூச்சுக்கும் மரத்துக்கும் படி விழுந்து கண்ணை உறுத்தும். உச்சியை வெளிப்புறம் 4 மி.மீ. தள்ளுங்கள், அடியை அறைப்புறம் 4 மி.மீ. இழுங்கள். கூட்டிப் பார்த்தால் சாய்வு சரியாக வந்துவிடும்.

ஆப்பை இறுக்கி இறுக்கி இதைச் செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஆப்பு காலை அகலவாக்கில்தான் நெருக்கும். சுவரின் கனவாக்கில் அது வெறும் பிடி. இரண்டு திருகாணியையும் கழற்றிவிட்டு, ஆப்புகளைக் கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்த்தி, காலின் மீது ஒரு துண்டு மரம் வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டி நகர்த்துங்கள். நிலையைத் தட்டையாகத்தான் பூட்டியிருப்பார்கள் என்பதால், விட்டுவிட்டால் அதுவே பாதி திரும்பி வரும்.

மறுபடி இறுக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் ஆப்பு இரண்டிரண்டாக இருக்க வேண்டும். ஒன்றை அறைப்பக்கமிருந்தும் ஒன்றை வெளிப்பக்கமிருந்தும், மெல்லிய முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டு, இரண்டையும் மாறிமாறித் தட்டுங்கள். அப்போதுதான் காலின் முதுகு முழுவதும் சமமாக அழுந்தும். ஒற்றை ஆப்பை ஒரு பக்கமிருந்து மட்டும் அடித்தால் கனமான முனை காலின் ஒரு விளிம்பை மட்டும் தள்ளும். கால் தன்னைத்தானே திருகிக்கொள்ளும். கீல் பக்கத்தில் அப்படித் திருகினால், மூடும்போது கதவு கடைசி ஒரு விரற்கடையில் எதிர்த்துத் துள்ளும். கல்சுவரில் இடைவெளி ஓரிடத்தில் அரை அங்குலமும் ஓரிடத்தில் ஓர் அங்குலமுமாக இருக்கும். பெரிய இடைவெளிக்குக் கொழுத்த ஆப்பைத் தேடாமல், முதலில் ஒரு தட்டைத் துண்டை வைத்து, மீதிக்கு மட்டும் ஆப்பு ஜோடியை ஓட்டுங்கள்.

---

சமன்மட்டம் (புதன் மதியம்)

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். நேற்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூலைவிட்டம் ஏறக்குறைய 2285 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மூலை தளத்தை விட்டு 8 மி.மீ. விலகுவதால் மூலைவிட்டம் கூடுவது 0.014 மி.மீ. மட்டுமே. எந்த நாடாவிலும் அது தெரியாது. கதவின் மீது பழி போட்டது என் அவசரம்.

ஒரு யோசனை மட்டும். காலைச் சரியான இடத்தில் நிறுத்தியதும், கலவைக்குப் பதிலாக பி.யூ. ஃபோம் அடித்துவிட்டால் கொத்தனாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் புதிய விடுதிக் கட்டடங்களின் உள்ளறைக் கதவுகளுக்கு அதைத்தான் அடிக்கிறோம். ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும்.

---

வில்பட்டி (புதன் மாலை)

ஃபோம் குறித்து என் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குளியலறை நிலையில் இடைவெளி அதிகம் என்று ஒரு முழு டப்பாவை அடித்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு காலும் நடுவில் உள்வாங்கி, கதவு மூடவே இல்லை. மேலும் கீழும் அகலம் சரியாக இருந்தது, நடுவில் மட்டும் நாலு மி.மீ. குறைந்திருந்தது. ஃபோமை அறுத்தெடுத்துத்தான் கதவை மூட முடிந்தது.

---

கூடலூர் மேஸ்திரி (புதன் இரவு)

நான் கொத்து வேலைக்காரன். நாற்பது வருடமாக இந்த மலையில் பழைய கல்சுவர்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகவே என் பக்கத்தையும் சொல்கிறேன்.

தம்பி, உள்ளறையில் இலேசான கதவுக்கு ஃபோம் நிற்கலாம். இது பின்வாசல், வேங்கை நிலை, கனமான கதவு, மழைச்சாரல் அடிக்கும் சுவர். ஃபோம் இடைவெளியை நிரப்பும், பாரத்தைப் பிடிக்காது. வில்பட்டிக்காரர் கண்டது இடைச்சட்டம் இல்லாமல் அடித்ததன் விளைவு. கலவைக்கும் அதே ஆபத்து உண்டு: ஈரக் கலவையைக் கரண்டியால் குத்திக் குத்தி அடைத்தால் கால் உள்ளே தள்ளும். ஆகவே எதை அடைத்தாலும், மேற்சட்டத்தின் அடியில் உள்அகலம் எவ்வளவோ அதே அளவுக்கு மூன்று ரீப்பர் அறுத்து, நடுவிலும் அடியிலும் இரண்டுக்கும் இடையிலும் குறுக்கே நிறுத்துங்கள். அம்மா, ஆப்பை இறுக்கிய பிறகு மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் உள்அகலத்தை அளந்துவிடுங்கள்.

பூட்டுப் பக்கத்துக் கிளாம்புக்குக் குழி பறிக்கும்போது கல்லோடு கல் சேரும் மண்சாந்து வரிசையைத் தேடாதீர்கள். அது சுலபமாகப் பறிக்க வரும், அதனாலேயே அங்கே பிடிப்பு இருக்காது. ஒரு சிறு கல்லை முழுவதுமாக எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் தளர்ந்த மண்ணைச் சுரண்டிக் கழுவி, அந்தக் குழியில் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கான்கிரீட் போட்டு நிறையுங்கள். குழி உள்ளே சற்று அகன்று இருந்தால் கட்டி வெளியே வராது.

ஆப்பு என்ன மரம்? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. இங்கே பலரும் தோட்டத்தில் வெட்டிய பச்சை சில்வர் ஓக்கைத் துண்டாக்கி ஆப்பு சீவிவிடுகிறார்கள். ஐப்பசியில் அடிக்கும்போது கல் மாதிரி இறுகி நிற்கும். தை, மாசியில் பனிக்காற்றில் காய்ந்ததும் சுருங்கி, விரலால் இழுத்தாலே வந்துவிடும். கலவை அடைத்து ஏழு நாள் கழித்து ஆப்பைப் பிடுங்கி, அந்த ஓட்டையையும் கலவையால் மூடுவதுதான் என் வழக்கம். மரத்தைச் சுவருக்குள் விட்டுவைக்க எனக்கு மனம் வராது. அது ஈரம் குடித்து ஊதும்.

---

குன்னூர் தச்சன் (வியாழன் காலை)

மேஸ்திரி ஐயா சொன்ன கிளாம்புக் குழியும் பச்சை மரமும் என் அனுபவத்திலும் அப்படியே. ஆப்பைப் பிடுங்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நிலை அறுத்த மீதியிலேயே, உலர்ந்த வேங்கையில் ஆப்புச் சீவி, பின்முதுகுக்கு அடிக்கும் தார்ப்பூச்சில் அதையும் முக்கி எடுத்து வைத்தால், அது காலோடு சேர்ந்தே பல வருடம் நிற்கும். பிடுங்கும்போது ஏழு நாள் வயதுக் கலவையை அசைப்பதில்தான் எனக்குப் பயம். திருகாணி போகும் இடத்தில் பின்னால் ஆப்பு இல்லாவிட்டால், இறுக்க இறுக்கக் கால் சுவரை நோக்கி வளையும் என்பதும் இருக்கிறது.

மேற்சட்டத்துக்கும் லிண்டலுக்கும் நடுவில், சட்டத்தின் மையத்தில் யாரும் ஆப்பு அடிக்க வேண்டாம். இரண்டு காலின் தலைக்கு நேரே மட்டும் போதும்.

---

ஹட்டிவீடு (வெள்ளி இரவு)

தச்சரை அழைத்து வந்து, கயிற்றை மாற்றிக் கட்டிக் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தானே திருகாணியைக் கழற்றினார். பழைய ஆப்புகளை உருவியபோது, நான்கில் மூன்று ஒற்றை ஆப்பு, எல்லாம் அறைப் பக்கமிருந்து அடித்தவை, சில்வர் ஓக் போலவே வெளிறிய மரம். நிலை அறுத்த மீதி எங்கள் விறகு அடுக்கிலேயே கிடந்தது. அதில் ஐந்து அங்குல நீளத்தில், கனமான முனை அரை அங்குலமும் மெல்லிய முனை ஒரு நூலுமாகப் பத்து ஆப்புகள் சீவினார்.

ஆப்பைத் தளர்த்தி, அடியில் இருந்த ஒன்றை உருவியதுமே உச்சி தானாக ஒன்றரை மி.மீ. வெளிப்புறம் போனது. மீதியைத் தட்டி நகர்த்தினோம். உச்சியைத் தட்டினால் அடி அசைந்தது, அடியைப் பிடித்தால் உச்சி திரும்பி வந்தது. நாலைந்து முறை இப்படிப் போன பிறகு, அடியில் தரையோடு ஒரு கட்டையை முட்டு வைத்ததும்தான் கட்டுக்குள் வந்தது. கடைசியில் கயிறு இரண்டு விதமாகக் கட்டியும் உரசிக்கொண்டு மட்டும் நிற்கிறது. தாளை நுழைத்தால் போகிறது, அட்டை போகவில்லை.

ஆனால் மேஸ்திரி ஐயா சொன்னபடி மூன்று இடத்தில் அகலம் அளந்தபோது, மேலும் அடியும் 34 அங்குலம், நடுவில் ஒரு நூல் குறைவு. பூட்டுக்கு நேரே வைத்த ஆப்பு ஜோடியை அளவுக்கு மீறித் தட்டிவிட்டோம். அதைச் சற்றுத் தளர்த்தி, இடைச்சட்டத்தை நிறுத்திய பிறகு மூன்றும் ஒன்றாயிற்று. மறுபடியும் கயிறு கட்டிப் பார்த்தோம், மாறவில்லை.

கதவை மாட்டினோம். இழைக்காமலே மேலிருந்து அடிவரை காடியில் உட்காருகிறது. தானே மூடிக்கொள்வது மட்டும் இன்னும் இருக்கிறது. கீல் பக்கத்துக் கான்கிரீட்டை உடைத்து அந்தக் காலையும் தூக்குக்குக் கொண்டுவர வேண்டுமா? தச்சர் உடைக்கலாம் என்கிறார், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

---

கூடலூர் மேஸ்திரி (வெள்ளி இரவு)

உடைக்க வேண்டாம் அம்மா. மண்சாந்துச் சுவரில் இறுகிய கான்கிரீட்டை உளியால் அடித்தால், பக்கத்துக் கற்களும் சேர்ந்து ஆடிவிடும். 3 மி.மீ.க்காக அந்த ஆபத்து தேவையில்லை.

---

குன்னூர் தச்சன் (சனி காலை)

நானும் உடைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் தானே மூடுவது பிற்காலத்தில் தொந்தரவாகத் தோன்றினால் கான்கிரீட்டைத் தொடாமலே குறைக்க ஒரு வழி இருக்கிறது. மேல் கீலை மட்டும் காலில் ஒன்றரை மி.மீ. அறைப் பக்கமாக நகர்த்திப் பதித்தால் கீல் வரிசையின் சாய்வு பாதியாகும். கதவு தலைப்பக்கத்தில் அந்த அளவு காடியை விட்டு எழும்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழு 3 மி.மீ.யையும் கீலில் தேட வேண்டாம். எழும்பல் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

---

வில்பட்டி (சனி மதியம்)

என் நிலைகள் ஏழிலும் கயிறு கட்டினேன், மாற்றியும் கட்டினேன். ஆறு சரியாக இருக்கின்றன. முட்டு நழுவிய நிலையில் நடுவில் 6 மி.மீ. காட்டுகிறது, அப்படியென்றால் மூலையில் 12. சுவர் லிண்டல் வரை எழும்பிவிட்டது. ஆப்பைத் தளர்த்தும் வழி எனக்கு இல்லையே. பிளாக்கை எடுப்பதா, கதவை அதற்கேற்ப முறுக்கிச் செய்வதா என்று யாராவது சொல்லுங்கள்.

---

ஹட்டிவீடு (சனி இரவு)

கொத்தனார் இன்று பூட்டுப் பக்கத்துக் கிளாம்புகளுக்குக் கல்லை எடுத்துக் குழி செய்து கான்கிரீட் போட்டார். பக்கத்து இடைவெளியை ஒரே மூச்சில் அடைக்காமல், அடியிலிருந்து இரண்டடி, சற்று இறுகவிட்டு அடுத்த இரண்டடி என்று மேலே போனார். ஒவ்வொரு முறையும் என் மகன் உள்அகலத்தை அளந்து சுவரில் பென்சிலால் எழுதி வைத்தான்: 34, 34, 34. ஆப்பைப் பிடுங்குவதா விடுவதா என்று தச்சரும் கொத்தனாரும் இங்கேயும் ஒத்துப்போகவில்லை. தலையிலும் பூட்டுக்கு நேரேயும் திருகாணி போகும் இடத்து ஆப்புகளை அறுத்துவிட்டு உள்ளேயே விட்டுவிட்டோம். மற்ற இரண்டையும் அடுத்த சனிக்கிழமை பிடுங்குவதாக முடிவு. இடைச்சட்டங்கள் அதுவரை அப்படியே நிற்கும், பின்வாசல் வழியே குனிந்துதான் போய்வருகிறோம்.